சிப்பாய்க்குச் செய்த மருந்து, குழந்தையின் கைக்கு வந்த கதை

போன மழைக்காலத்தில் ஒரு நாள் அக்கா போன் செய்தாள். "டேய், இங்க ரெண்டு கொசு க்ரீம் இருக்கு. மருந்துக்கடையில வாங்கினதுல 12 சதவீதம்னு போட்டிருக்கு. எதிர்வீட்டுக்காரங்க அமெரிக்காவுல இருந்து கொண்டுவந்து குடுத்ததுல டீட் 30 சதவீதமாம். பாப்பாவுக்கு எதைப் போடறது? 30 ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்காது?"

நான் யோசிக்கவே இல்லை. "12 போடுக்கா, அதுதான் சாஃப்ட். வேணும்னா அடிக்கடி போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பாப்பாவுக்கு ஐந்து வயது.

அன்று ராத்திரி ஒரு சந்தேகம் வந்து படிக்க உட்கார்ந்தேன். ஒரு வாரம் படித்த பிறகு புரிந்தது: என் பதிலின் முதல் பாதி அரைகுறை. இரண்டாம் பாதி, அதாவது "அடிக்கடி போட்டுக்கோ" என்பது, இந்த மருந்தின் வரலாற்றில் குழந்தைகளுக்குச் சிக்கல் வந்த இடத்துக்கே அக்காவை அனுப்பும் யோசனை. அந்த வாரத்தில் எடுத்த குறிப்புகளைத்தான் இங்கே கோத்திருக்கிறேன்.

கூண்டுக்குள் நீட்டிய கை

கதை 1942-இல் தொடங்குகிறது. அந்த வருடம் ஜப்பான் ஜாவாத் தீவைப் பிடித்தது. அப்போது உலகத்தின் கொய்னாவில் பெரும்பகுதி ஜாவாவின் சின்கோனா தோட்டங்களில் இருந்துதான் வந்துகொண்டிருந்தது. மலேரியாவுக்கு முதன்மையான மருந்தே கைவிட்டுப் போனது. இன்னொரு பக்கம், பசிபிக் தீவுகளின் காடுகளில் அமெரிக்க, ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் குண்டடி பட்டு விழுந்ததைவிட மலேரியாவில் படுத்ததே அதிகம் என்கிற நிலை பல இடங்களில் இருந்தது. காய்ச்சல் வந்த பிறகு மருந்து கொடுப்பது ஒரு வழி. கொசு கடிக்காமலே பார்த்துக்கொள்வது இன்னொரு வழி. இந்த இரண்டாவது வழிக்காக அமெரிக்க விவசாயத் துறை அதே வருடம் ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில் ஓர் ஆய்வுக்கூடத்தை அமைத்தது.

அங்கே நடந்த சோதனை மிக எளிமையானது. ஒரு தன்னார்வலரின் முன்கையில் மருந்தைத் தடவுவார்கள். பசியோடு இருக்கும் பெண் கொசுக்கள் நிறைந்த கூண்டுக்குள் அந்தக் கையை நீட்டச் சொல்வார்கள். குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப இதைச் செய்து, முதல் கடி எத்தனையாவது நிமிடத்தில் விழுகிறது என்று எழுதிக்கொள்வார்கள். அவ்வளவுதான். இந்த விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்: ஒரு விரட்டியின் தரத்தை அவர்கள் நேரத்தால்தான் அளந்தார்கள். எத்தனை நிமிடம் தாங்கியது என்பதுதான் கேள்வி.

போர்க்காலத்தில் சிப்பாய்களுக்குக் கிடைத்தது மூன்று ரசாயனங்களின் கலவை. டைமீத்தைல் தாலேட் ஆறு பங்கு, இண்டலோன் இரண்டு பங்கு, ரட்கர்ஸ் 612 என்று பெயர் வைக்கப்பட்ட ஒன்று இரண்டு பங்கு. அதனால் "6-2-2" என்றே அழைத்தார்கள். வேலை செய்தது, ஆனால் வியர்வையில் சீக்கிரம் போய்விடும். காட்டில் நடக்கும் சிப்பாய்க்கு மணிக்கு ஒரு தடவை பாட்டிலைத் திறந்து தடவிக்கொள்ள நேரம் ஏது?

எனவே தேடல் தொடர்ந்தது. ஆயிரக்கணக்கான சேர்மங்களைக் கையில் தடவிப் பார்த்தார்கள். விவசாயத் துறையின் வேதியியலாளர் சாமுவேல் கெர்ட்லர் உருவாக்கிய ஒரு சேர்மத்துக்கு 1946-இல் காப்புரிமை கிடைத்தது. டைஎத்தில் டொலுவமைடு. சுருக்கமாக டீட். நிறமில்லாத, லேசாக எண்ணெய்ப் பிசுக்குள்ள திரவம். மெதுவாக ஆவியாகும். கொசுவோடு உண்ணிகளுக்கும் வேலை செய்யும். ஒரே குறை, பிளாஸ்டிக்கைக் கரைக்கும். மூக்குக்கண்ணாடி ஃபிரேம், வாட்ச் பட்டை, ரேயான் துணியெல்லாம் பாழாகும். பருத்திக்கும் கம்பளிக்கும் ஒன்றும் ஆகாது. ராணுவம் எடுத்துக்கொண்டது. 1957-இல் பொதுமக்கள் வாங்க அனுமதி வந்தது.

இங்கே கொஞ்சம் நிற்போம். அதுவரை இந்த மருந்தைப் பூசிக்கொண்டவன் யார்? இருபது சொச்சம் வயது, எழுபது கிலோ எடை, விரலை வாயில் வைக்காத ஓர் ஆண். 1957-க்குப் பிறகு அதே பாட்டில் வீட்டு அலமாரிக்கு வந்தது. வீட்டில் மூன்று வயதுக் குழந்தையும் இருந்தது.

சதவீதம் என்பது பலம் இல்லை

அக்காவின் கேள்விக்கு வருவோம். 30 என்றால் ஸ்ட்ராங், 12 என்றால் சாஃப்ட் என்று நாம் நினைப்பது இயல்பு. ஆசிட் மாதிரி, மிளகாய்த்தூள் மாதிரி, அளவு கூடினால் காரம் கூடும் என்று கணக்குப் போடுகிறோம். டீட் விஷயத்தில் சதவீதம் சொல்வது பெரும்பாலும் நேரத்தை.

2002-இல் மார்க் ஃப்ராடின், ஜொனதன் டே என்ற இருவர் ஆர்லாண்டோ பாணியில், கூண்டும் கையுமாக, 15 தன்னார்வலர்களை வைத்து ஒரு சோதனை செய்து நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். டீட் 4.75 சதவீதம் இருந்த மருந்து சராசரியாக 88 நிமிடம் தாங்கியது. 6.65 சதவீதம் 112 நிமிடம். 20 சதவீதம் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம். 23.8 சதவீதம் ஐந்து மணி நேரம். சிட்ரோனெல்லா எண்ணெய் சார்ந்த மருந்துகள் இருபது நிமிடத்தைத் தாண்டவில்லை. கையில் கட்டிக்கொள்ளும் கொசு வளையங்கள் எந்தப் பாதுகாப்பும் தரவில்லை.

கவனியுங்கள், 4.75 சதவீதம் போட்ட கையிலும் சராசரியாக முதல் ஒரு மணி நேரத்துக்கு மேல் கொசு கடிக்கவில்லை. ஆக, இருக்கும் வரைக்கும் அதுவும் முழுசாகவே வேலை செய்தது. சீக்கிரம் தீர்ந்துபோனது, அவ்வளவுதான்.

மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே குழாயில் ஒழுகும் வேகம் ஏறத்தாழ ஒன்றுதான். சின்னத் தொட்டி சீக்கிரம் காலியாகும், பெரிய தொட்டி தாக்குப்பிடிக்கும். தோலின் மேல் இருக்கும் டீட் படலமும் இப்படித்தான். கொஞ்சம் ஆவியாகிறது, கொஞ்சம் வியர்வையில் போகிறது, கொஞ்சம் துணியில் உரசிப் போகிறது, கொஞ்சம் தோலுக்குள் இறங்குகிறது. ஓர் அளவுக்குக் கீழே போனதும் கொசு வந்து உட்காரும். 50 சதவீதத்துக்கு மேல் போனால் நேரம் கூடுவதும் பெரிதாக இல்லை.

"கொஞ்சம் தோலுக்குள் இறங்குகிறது" என்றேனே, அந்த இடத்தில்தான் குழந்தை வேறு, சிப்பாய் வேறு. இறங்கும் டீட்டை உடல் சிதைத்துச் சிறுநீரில் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வெளியேற்றிவிடும். ஆனால் எடைக்கு எவ்வளவு தோல் என்று கணக்குப் போட்டால் குழந்தைக்குத் தோல் பரப்பு அதிகம். அதே கனத்தில் உடம்பு முழுக்கத் தடவினால், ஒரு கிலோ எடைக்கு உள்ளே போகிற அளவு பெரியவரைவிடக் குழந்தைக்கு அதிகம்.

கொசுவுக்கு என்னதான் ஆகிறது?

வேடிக்கை என்னவென்றால், டீட் ஏன் வேலை செய்கிறது என்று தெரியாமலே உலகம் அறுபது வருடம் அதைப் பூசிக்கொண்டிருந்தது. கொசுவை அது கொல்லாது. பூசிய கையின் அருகே கொசு வந்து, தயங்கி, விலகிப்போகும். ஏன்?

ரொம்ப நாள் இருந்த விளக்கம், நம்முடைய வாசனையைக் கொசு உணராதபடி டீட் தடுக்கிறது என்பது. வியர்வையில் இருக்கும் லாக்டிக் அமிலத்தை உணரும் நரம்புகள் டீட் இருந்தால் மந்தமாகின்றன என்று 1976-லேயே காட்டியிருந்தார்கள். 2008-இல் நியூயார்க்கில் லெஸ்லி வோஷல் குழு இதே பக்கம் நின்றது. அதே வருடம் கலிஃபோர்னியாவில் சயீதும் லியலும், "அப்படியெல்லாம் இல்லை, கொசு டீட்டையே முகர்கிறது, அந்த நாற்றம் பிடிக்காமல்தான் விலகுகிறது" என்றார்கள்.

அடுத்த திருப்பம் 2013-இல். வோஷலின் ஆய்வுக்கூடத்தில் முகரும் திறனின் பெரும்பகுதியைப் பறித்த ஏடிஸ் கொசுக்களை மரபணு மாற்றத்தால் உருவாக்கினார்கள். டெங்கு பரப்பும் அதே ஏடிஸ்தான். இந்தக் கொசுக்கள் டீட் பூசிய கையைத் தேடிப் பறந்து வந்தன, தயக்கமே இல்லை. ஆனால் தோலில் உட்கார்ந்ததும் துள்ளி எழுந்து போய்விட்டன. கடிக்கவில்லை. ஆகவே மூக்கைத் தாண்டி இன்னொரு வழியும் இருக்கிறது. 2019-இல் அது கால் என்று தெரிந்தது. கொசு தன் பாதத்தால் சுவை பார்க்கிறது, டீட்டை மிதித்ததும் பிடிக்காமல் எழுகிறது.

அதே 2019-இல் மலேரியா பரப்பும் அனாஃபிலிஸ் கொசுவைப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த பதில் வேறு. அந்தக் கொசு டீட்டை முகர்வதாகவே தெரியவில்லை. மாறாக, நம் தோல் வாசனைகள் காற்றில் எழும்பாதபடி டீட் பிடித்துவைத்துக்கொள்கிறது. ஆக ஒரே மருந்து, கொசுவுக்குக் கொசு வேறு வழி.

இதிலிருந்து நமக்கு ஒரு நடைமுறைப் பாடம். காலால் மிதித்தால்தான் தெரியும் என்றால், பூசாத இடம் பூசாத இடம்தான். ஒரு கையில் தடவிவிட்டு மறு கையை விட்டால் கொசு அந்த மறு கையைக் கண்டுபிடிக்கும். கழுத்தில் ஒரு பொட்டு, கணுக்காலில் ஒரு பொட்டு என்று வைப்பதில் பலன் இல்லை. திறந்திருக்கும் தோலில் மெல்லிய படலமாக, விடுபடாமல் போட வேண்டும். தடித்துப் பூசத் தேவையில்லை.

1961: மூன்றரை வயதுச் சிறுமி

இப்போது கஷ்டமான பகுதி.

1961-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு நோயாளிக் குறிப்பு வந்தது. மூன்றரை வயதுச் சிறுமி. பேச்சு குழறியது, உடல் நடுங்கியது, மூளை பாதிக்கப்பட்ட அறிகுறிகள். விசாரித்தபோது, இரண்டு வாரமாகத் தினமும் அவளுடைய தோல், இரவு உடை, படுக்கை மூன்றின் மேலும் 15 சதவீத டீட் தெளிக்கப்பட்டு வந்தது தெரிந்தது. மருத்துவமனையில் சேர்த்த பிறகு குழந்தை தேறிவிட்டாள்.

15 சதவீதம்! அக்கா பயந்த 30-இல் பாதி. ஆனால் தினமும், இரண்டு வாரம், உடுப்பிலும் படுக்கையிலும். ராத்திரி முழுக்க அந்தக் குழந்தை டீட்டுக்குள்ளேயே தூங்கியிருக்கிறாள். கழுவும் நேரமே இல்லை. உடல் வெளியேற்றும் வேகத்தைவிட உள்ளே போகும் வேகம் கூடினால் என்ன ஆகும் என்பதற்கு இது ஓர் எச்சரிக்கை.

1980-இல் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்ததாகக் குறிப்பு வந்தது. அவளுக்குப் பிறவியிலேயே அம்மோனியாவைக் கையாளும் நொதி ஒன்றில் குறை இருந்தது. டீட் காரணமா, அந்தக் குறை காரணமா, இரண்டும் சேர்ந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. 1989-இல் நியூயார்க், கனெக்டிகட் மாநிலங்களில் இருந்து ஐந்து பேரைப் பற்றிய அறிக்கையை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்டது. மூன்று முதல் ஏழு வயதுக்குட்பட்ட நான்கு சிறுவர்கள், 29 வயது ஆண் ஒருவர். டீட் பூசிக்கொண்ட பிறகு வலிப்பு.

பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த இடத்தில் நிதானமாக ஒரு கேள்வி கேட்க வேண்டும். நூற்றில் சில குழந்தைகளுக்குக் காய்ச்சலிலோ வேறு காரணத்திலோ எப்படியும் ஒரு தடவை வலிப்பு வருகிறது. கோடிக்கணக்கான குழந்தைகள் கோடையில் டீட் பூசிக்கொள்ளும் நாட்டில், பூசிய நாளிலேயே தற்செயலாக வலிப்பு வரும் குழந்தைகளும் இருப்பார்கள். "பூசிய பிறகு வந்தது" என்பதும் "பூசியதால் வந்தது" என்பதும் ஒன்றில்லை.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எல்லாவற்றையும் திரட்டி 1998-இல் முடிவைச் சொன்னது. லேபிளில் சொன்னபடி பயன்படுத்தினால் டீட் ஆபத்து என்று சொல்ல ஆதாரம் இல்லை, வயதுத் தடையும் போடவில்லை. ஆனால் இன்னொன்றும் செய்தது. "குழந்தைகளுக்குப் பாதுகாப்பானது" என்று லேபிளில் எழுதிக்கொள்வதைத் தடுத்தது. எனக்கு இது பிடித்தது. கார்ட்டூன் படம் போட்டு, 'கிட்ஸ்' என்று பெயர் வைத்து விற்றால், பெற்றோர் அளவு பார்க்காமல் அள்ளிப் பூசுவார்கள். ஆபத்து சதவீதத்தில் இருந்ததைவிட அந்த அலட்சியத்தில்தான் அதிகம் இருந்தது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் அதுவரை குழந்தைகளுக்கு 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. 2003-இல் அதை 30 சதவீதம் வரை என்று மாற்றிக்கொண்டது. சரியாகப் பயன்படுத்தினால் 10-ஐவிட 30 ஆபத்து என்று காட்டும் சான்று இல்லை, 10 ஏறக்குறைய இரண்டு மணி நேரம் தாங்கும், 30 ஐந்து மணி நேரம், எவ்வளவு நேரம் வெளியே இருப்பீர்களோ அதற்குப் போதுமான குறைந்த அளவைத் தேர்ந்தெடுங்கள் என்பது அவர்களின் வாதம். இரண்டு மாதத்துக்குக் கீழே வேண்டவே வேண்டாம். கனடா 2002-இல் இதைவிடக் கறாராக நின்றது. ஆறு மாதத்துக்குக் கீழே கூடாது. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை 10 சதவீதத்துக்குள், நாளுக்கு ஒரு தடவை. இரண்டு முதல் பன்னிரண்டு வரை அதே 10, நாளுக்கு மூன்று தடவை வரை.

இரண்டு நாடும் வேறு வேறு எண்ணைச் சொன்னாலும் உள்ளே இருக்கும் கணக்கு ஒன்றுதான். ஒரு நாளில் எவ்வளவு பரப்பில், எத்தனை தடவை, எவ்வளவு நேரம் தோலில் கிடக்கிறது.

இப்போது என் யோசனையைப் பாருங்கள். 12 சதவீத டீட்டை நாளுக்கு நான்கு தடவை பூசினால், ஒவ்வொரு தடவையும் அதே அளவு க்ரீம் என்று வைத்துக்கொண்டால், 30 சதவீதத்தை ஒரு தடவை பூசியதைவிட அதிக டீட் அந்தக் குழந்தையின் தோலில் விழுந்திருக்கும். சாஃப்ட்டாம்!

தோலை விட்டுத் துணிக்கு

இதே போரில் இன்னொரு யோசனையும் பிறந்தது. மருந்தைத் தோலில் ஏன் பூச வேண்டும், துணியில் ஏற்றினால் என்ன?

நியூ கினியில் ஆஸ்திரேலியச் சிப்பாய்களை ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் வாட்டியது. நம் ஊரிலும் மழைக்காலத்தில் கேள்விப்படும் அதே காய்ச்சல்தான். புல்லில் இருந்து ஏறும் மிகச்சிறிய பூச்சி ஒன்று அதைப் பரப்புகிறது. மக்கல்லக் என்ற ஆஸ்திரேலியப் பூச்சியியலாளர், சிப்பாய்களின் சீருடையில் டைமீத்தைல் தாலேட்டைத் தேய்த்துப் பார்த்தார். பலித்தது, ஆனால் ஈரத்தில் சீக்கிரம் போனது. அதன் உறவுக்கார ரசாயனமான டைபியூட்டைல் தாலேட் துணியில் இன்னும் உறுதியாக ஒட்டிக்கொண்டது. போருக்குப் பின் அமெரிக்க ராணுவம் எம்-1960 என்ற கலவையைத் துணிக்கு வைத்திருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு, வாடை, தோல் எரிச்சல். எவனும் விரும்பிப் போடவில்லை.

வழி திறந்தது 1973-இல், இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில். சாமந்தி இனப் பூ ஒன்றில் பைரெத்ரம் என்ற பூச்சிக்கொல்லி இருப்பது பழைய செய்தி. ஆனால் வெயில் பட்டால் சிதைந்துவிடும். மைக்கேல் எலியட் குழு அதே அமைப்பை மாற்றி, வெளிச்சத்தில் நிற்கும் பெர்மெத்ரினை உருவாக்கியது.

இது டீட் மாதிரி விரட்டி இல்லை, பூச்சிக்கொல்லி. இந்த வித்தியாசத்தைத் தெளிவாக வைத்துக்கொள்வது நல்லது. பூச்சியின் நரம்பில் ஒரு செய்தி ஓடி முடிந்ததும் மூடிக்கொள்ள வேண்டிய சோடியம் வாசலை இது திறந்தபடியே நிறுத்திவிடும். துணியில் வந்து உட்காரும் கொசுவுக்குக் கால் சுடுவது போல ஆகித் துள்ளும். இன்னும் கொஞ்சம் நேரம் நின்றால் விழும், சாகும். நம் தோலில் பட்டால் உடலின் நொதிகள் இதைச் சீக்கிரம் உடைத்துவிடும். அதோடு துணி நாரில் இறுக ஒட்டிக்கொண்டிருப்பதால் தோலுக்கு வருவதே கொஞ்சம்தான். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க ராணுவச் சீருடைகளுக்கு வந்தது. 2003-இல் இருந்து கடையில் வாங்கும் துணிகளுக்கும் அனுமதி.

தொட்டால்தான் வேலை என்பதால் இதற்கு ஒரு எல்லை உண்டு. சட்டை மூடிய இடத்துக்கு மட்டும்தான் காவல். திறந்திருக்கும் முழங்கைக்கும் முகத்துக்கும் அது உதவாது. அங்கே தோல் மருந்துதான்.

குழந்தைகளிடம் இதைப் பெரிய அளவில் சோதித்தது தாய்லாந்தில். 2012-இல் கிழக்குத் தாய்லாந்தின் சாச்செங்சாவ் மாகாணத்தில் பத்துப் பள்ளிகள், ஆயிரத்து எண்ணூறுக்கு மேல் மாணவர்கள். பாதிப் பள்ளிகளின் சீருடைகளுக்குப் பெர்மெத்ரின் ஏற்றினார்கள். ஏடிஸ் பகலில் கடிக்கும் கொசு, குழந்தை பகல் முழுக்கப் பள்ளியில் இருக்கிறது, ஆகவே சீருடையே காவல் என்பது அழகான யோசனை. தொடக்கத்தில் வகுப்பறைகளில் ஏடிஸ் குறைந்தது. ஆனால் டெங்கு குறையவில்லை. துவைக்கத் துவைக்க மருந்து போய்விட்டது, எதிர்பார்த்ததைவிட வேகமாக. அரைக்கை சட்டையும் அரைக்கால் டவுசரும் பாதி உடம்பைத் திறந்தே வைத்திருந்தன. தினம் துவைத்து, இஸ்திரி போட்டு அனுப்பும் வீட்டில் இந்தத் துணியின் ஆயுள் சிப்பாயின் சீருடைக்கு உள்ள ஆயுள் இல்லை.

எனவே பெர்மெத்ரின் துணி வாங்கினால், எத்தனை துவைப்பு என்று லேபிளில் பார்த்து எண்ணிக்கொண்டே வர வேண்டும். வீட்டில் தெளிக்கும் 0.5 சதவீத ஸ்ப்ரே ஏறக்குறைய ஆறு துவைப்புதான். குழந்தை போட்டிருக்கும் சட்டையின் மேல் தெளிக்கக் கூடாது. கழற்றி, வெளியே கொடியில் போட்டு, தெளித்து, நன்றாகக் காய்ந்த பிறகே போட வேண்டும். உள்ளாடைக்கு வேண்டாம். வீட்டில் பூனை இருந்தால் ஈரமாக இருக்கும்போது அண்ட விடாதீர்கள், பூனையின் ஈரலுக்குப் பெர்மெத்ரினைச் சிதைக்கத் தெரியாது. மீன் தொட்டிக்கும் அதே எச்சரிக்கை.

மறுபடி அக்காவுக்கு

ஒரு வாரம் கழித்து நானே போன் செய்தேன். "அக்கா, போன தடவை நான் சொன்னது தப்பு. முதல்ல அந்த 12 சதவீத டியூபைத் திருப்பிப் படி. என்ன மருந்துன்னு போட்டிருக்கு?"

படித்தாள். டைஎத்தில் பென்சமைடு. டீட்டின் மிக நெருங்கிய உறவு, ஒரு சின்ன மீத்தைல் தொகுதி மட்டும் இதில் இல்லை. இந்தியாவில் விற்கும் க்ரீம்கள் எல்லாமே டீட் இல்லை என்பது எனக்கே அன்றுதான் உறைத்தது. நான் மேலே சொன்ன நிமிடக் கணக்கெல்லாம் டீட்டுக்கானது, இந்த டியூபுக்கு அப்படியே பொருந்தாது. இதற்கு அந்த லேபிளில் என்ன வயது, எத்தனை மணி நேரம் என்று போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு.

பிறகு பாப்பாவின் சாயங்காலத்தைக் கணக்குப் பார்த்தோம். ஐந்து மணிக்கு விளையாடப் போகிறாள், ஏழரைக்கு வருகிறாள். இரண்டரை மணி நேரம். டீட் என்றால் 5 சதவீதம் பாதியில் தீர்ந்துவிடும். 10 இரண்டு மணி நேரம் ஓடும், ஓடியாடி வியர்க்கும் குழந்தைக்குக் கொஞ்சம் பற்றாக்குறை. 20 தாராளமாகப் போதும். எதிர்வீட்டு 30 இந்த நேரத்துக்கு அதிகம்தான், ஆனால் வேறு இல்லையென்றால் ஒரே ஒரு தடவை மெல்லிசாகப் போட்டு, வந்ததும் கழுவிவிட்டால் தவறில்லை.

"முழுக்கை சட்டை, பேன்ட் போட்டு அனுப்பு. அப்புறம் பூசற பரப்பே பாதியாயிடும். துணிக்குள்ள இருக்கற தோல்ல பூசாதே. நீ உன் உள்ளங்கையில எடுத்துத் தேய்ச்சு அவளுக்குத் தடவு, அவ கையில குடுக்காதே. அவ உள்ளங்கை, விரல்ல போடாதே, கண்ணைத் தேய்ப்பா, வாயில வைப்பா. கண்ணு, வாய்ப்பக்கம் வேண்டாம். சிராய்ப்பு, சொறிஞ்ச புண்ணு மேல வேண்டாம். வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவிவிடு, சட்டையை மாத்து. ராத்திரி படுக்கும்போது க்ரீம் கிடையாது, வலைதான்."

"வெயில் க்ரீம் போடறேனே, அதோட சேர்ந்து வர்றது வாங்கிடவா?"

அது வேண்டாம் என்றேன். வெயில் க்ரீமை இரண்டு மணிக்கு ஒரு தடவை போட வேண்டும், கொசு மருந்தை அப்படிப் போடக் கூடாது. ஒன்றாகக் கலந்தால் மறுபடி அந்த "அடிக்கடி" சிக்கல் வந்துவிடும். தனித்தனியாக வாங்கி, வெயில் க்ரீமை முதலில் போட்டு, அதன் மேல் விரட்டியைப் போடலாம். எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெயில் இருந்து எடுக்கும் விரட்டி இயற்கையானதுதானே என்று கேட்டாள். மூன்று வயதுக்குக் கீழே அதைப் போட வேண்டாம் என்றே லேபிள் சொல்கிறது, 'இயற்கை' என்பதும் 'கிட்ஸ்' மாதிரி ஒரு விளம்பரச் சொல்தான்.

தோல் சிவந்து தடித்தால் உடனே கழுவிவிட்டு நிறுத்த வேண்டும். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். குழந்தை வாயில் ஊற்றிக்கொண்டாலோ, குழறல், நடுக்கம், அசாதாரணமான தூக்கம் தெரிந்தாலோ வாந்தி எடுக்க வைக்காமல் டியூபையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எந்த மருந்து, எத்தனை சதவீதம் என்பதுதான் டாக்டர் கேட்கப்போகும் முதல் கேள்வி.

"கைக்குழந்தை வெச்சிருக்கற கீழ்வீட்டுப் பொண்ணும் கேட்டா, என்ன சொல்லட்டும்?"

"இரண்டு மாசத்துக்குக் கீழன்னா எதுவுமே பூசக் கூடாது. அதுக்கு மேலயும், நகராத குழந்தைக்கு வலை இருக்கும்போது க்ரீம் எதுக்கு? தொட்டிலுக்கு, தள்ளுவண்டிக்கு வலை போடச் சொல்லு."

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள். "போன வாரம் அடிக்கடி போடுன்னியே, நான் ரெண்டு நாள் படுக்கறப்பவும் போட்டுவிட்டேன்டா."

இரண்டு நாள்தான், லேபிள் அளவில்தான், ஒன்றும் ஆகவில்லை. இருந்தாலும் அந்த வாக்கியம் எனக்குள் கொஞ்ச நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. 1961-இல் அந்தச் சிறுமியின் படுக்கையில் தெளித்தவர்களும் குழந்தையைக் கொசு கடிக்கக் கூடாது என்றுதான் தெளித்திருப்பார்கள்.